இருப்பு 18,250, எடுக்க முடிவது மைனஸ் 31,750: லீன் போட்ட கணக்கில் என்ன நடக்கிறது?

கேள்வி: “என் சம்பளக் கணக்கில் 18,250 ரூபாய் இருக்கு. ஆனா அவைலபிள் பேலன்ஸ் மைனஸ் 31,750னு காட்டுது, லீன் 50,000னு பக்கத்துல இருக்கு. நான் எந்த பேங்க்லயும் கடன் வாங்கல. பிரான்ச்ல கேட்டா ‘சைபர் போலீஸ் போட்டது, எங்க கையில இல்ல’னு சொல்றாங்க. மூணு வாரம் முன்னாடி பழைய பைக்கை முன்பின் தெரியாத ஒருத்தருக்கு வித்தேன், யூபிஐல 50,000 வந்தது. பணத்தை எடுத்துட்டாங்களா? அடுத்த வாரம் சம்பளம் 32,000 வரும், அதுவும் போயிடுமா?”

பணம் எங்கேயும் போகவில்லை. உங்கள் 18,250 உங்கள் கணக்கிலேயேதான் இருக்கிறது, அதற்குச் சேமிப்பு வட்டியும் வழக்கம்போல் சேரும். சம்பளம் விஷயத்தில்தான் சிக்கல். அதற்கு இந்த வாரமே ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது, கீழே சொல்கிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேல் பேங்க் கிளைகளில் வேலை பார்த்தவன், கடைசி சில வருஷங்கள் இந்த மாதிரி கடிதங்களையும் மெயில்களையும் பார்த்து லீன் போடுவதும் எடுப்பதும்தான் பாதி வேலை. வக்கீல் இல்லை, அதனால் கோர்ட் விஷயத்தில் ஓரளவுக்கு மேல் என் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.

முதலில் அந்த மைனஸ் எப்படி வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் பலரும் பயந்துபோவது அதைப் பார்த்துத்தான். லீன் என்பது பேங்க் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவைக்கும் ஒரு எண், அவ்வளவுதான். பணத்தை வேறு கணக்குக்கு நகர்த்துவதில்லை, பாஸ்புக்கில் ஒரு வரிகூட விழாது. நீங்கள் ஏடிஎம்மிலோ யூபிஐயிலோ பணம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் இருப்பிலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பார்க்கும், மிச்சம் போதுமானதாக இருந்தால்தான் விடும். உங்களுக்கு 18,250 கழித்தல் 50,000, அதாவது மைனஸ் 31,750. நீங்கள் பேங்குக்கு 31,750 கடன்பட்டிருக்கிறீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, இதற்கு வட்டியும் கிடையாது. இன்னும் 31,750 உள்ளே வந்த பிறகுதான் அடுத்த ரூபாயை வெளியே எடுக்க முடியும் என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 32,000 சம்பளம் வந்து விழுந்த அன்று உங்களால் எடுக்க முடிவது 250 ரூபாய்.

இதே திரையில் மைனஸ் இல்லாமல், இருப்பும் எடுக்கக்கூடிய தொகையும் சரியாகவே காட்டி, ஆனால் ஒரு ரூபாய்கூட வெளியே போகாமல் இருந்தால் அது வேறு விஷயம். அதற்கு டெபிட் ஃப்ரீஸ் என்று பெயர். அதில் தொகையே கிடையாது, கதவையே சாத்திவிடுவது. பத்து லட்சம் வந்தாலும் பத்து ரூபாய் எடுக்க முடியாது. உங்களுக்குப் போட்டிருப்பது லீன். இந்த நிலைமையில் அது உங்களுக்குச் சாதகம் என்றே சொல்வேன், ஏன் என்பது பின்னால் புரியும்.

லீன் போட்டது யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பேங்க் தன் தேவைக்காகப் போடும் லீன் ஒரு வகை. எஃப்டி மேல் கடன் வாங்கினால் அந்த எஃப்டி மேல் விழும், இஎம்ஐ தவறினால் சில பேங்குகள் சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கும், ஐபிஓவுக்கு விண்ணப்பித்தால் ஒதுக்கீடு முடியும்வரை விண்ணப்பத் தொகை முடங்கியிருக்கும். இவற்றைப் பேங்கே எடுத்துவிடலாம், கடன் தீர்ந்தாலோ ஒதுக்கீடு முடிந்தாலோ எடுத்தாகவும் வேண்டும். (கடன் தீர்ந்த பிறகும் எடுக்க மறப்பது உண்டு. நான் இருந்த ஒரு கிளையில் எஃப்டி கடனை அடைத்துவிட்டுப் போன ஒரு பெரியவர் வைப்பு முதிர்ந்த அன்று வந்தபோதுதான் பழைய லீன் அப்படியே இருப்பது தெரிந்தது. எங்கள் தப்புத்தான். ஒரு நிமிஷ வேலைக்கு அவரை அரைநாள் உட்கார வைத்தோம்.) கடனுக்காகப் பேங்க் இப்படிப் பிடித்துவைப்பதற்கு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவைக் காட்டுவார்கள். கறாராகப் பார்த்தால் அந்தப் பிரிவு பேங்கிடம் ஒப்படைத்த பொருள், பத்திரங்களைப் பற்றியது. சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தைப் பொறுத்தவரை பேங்குக்கு இருப்பது வரவையும் கடனையும் நேர்செய்துகொள்ளும் உரிமை. அதற்கும் கடன் தவணை கடந்திருக்க வேண்டும், கடன் வாங்கியவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். உங்களுக்குக் கடனே இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

உங்களுடையது இரண்டாவது வகை, வெளியிலிருந்து வந்த உத்தரவுக்காகப் போட்டது. கோர்ட் ஜப்தி, வருமான வரி நோட்டீஸ், போலீஸ் எல்லாம் இதில் சேரும். இங்கே பேங்க் வெறும் கை, தலை வேறு இடத்தில். கிளையில் “எங்க கையில இல்ல” என்று சொன்னது தட்டிக்கழிப்பதாகத் தோன்றும், ஆனால் பாதி உண்மை. போடச் சொன்னவர் சொல்லாமல் எடுத்தால் எடுத்த பேங்க் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மீதிப் பாதியில் அவர்கள் உங்களுக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பைக் விற்ற பணத்துக்கு ஏன் போலீஸ் என்று நீங்கள் யோசிக்கலாம். நடந்திருக்க வாய்ப்புள்ளது இதுதான். யாரோ ஒருவர் எங்கோ ஏமாந்து, 1930 என்ற எண்ணுக்கோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்திருக்கிறார். புகார் பதிவானதும் அவர் பணம் போன கணக்கை உடனே பிடிப்பார்கள். அங்கிருந்து ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்தக் கணக்கை, அங்கிருந்தும் போயிருந்தால் அதற்கடுத்ததை, இப்படிச் சங்கிலியாகப் போகும். இந்தப் படிகளை லேயர் என்பார்கள். மோசடிக்காரன் முதல் கணக்கிலிருந்து பணத்தை வெளியே எடுக்கச் சுலபமான வழி, ஏதாவது பொருளை வாங்கிவிடுவது. உங்கள் பைக்கை வாங்கியவர் அந்த மோசடிக்காரராக இருக்கலாம், அல்லது அவரும் உங்களைப்போல் நடுவில் மாட்டிய ஒருவராக இருக்கலாம். பணம் மூன்றாவது, நான்காவது லேயரில் உங்களிடம் வந்தாலும் கம்ப்யூட்டருக்கு உங்கள் கணக்கும் ஒரு லேயர்தான். உங்கள்மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அது தானாகவே தெளிந்துவிடும் என்றும் காத்திருக்கக் கூடாது, அந்தப் பக்கம் உங்கள் பைக்கைப் பற்றி யாருக்கும் தெரியாது, ஒரு கணக்கு எண்ணும் ஒரு தொகையும்தான் தெரியும்.

இப்போது சம்பளம். பிரச்சினைக்குரிய தொகை 50,000, அது வந்தபோது பிடிக்கவில்லை, நீங்கள் அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டீர்கள், மிஞ்சியது 18,250. இந்த நிலையில் சில பேங்குகள் இருப்பதை மட்டும், அதாவது 18,250க்கு மட்டும், லீன் போடும். சில பேங்குகள் கேட்ட முழுத் தொகைக்கும் போடும், பின்னால் வருவதெல்லாம் அதில் மாட்டும். உங்கள் பேங்க் இரண்டாவது ரகம். புகாருக்குச் சம்பந்தமே இல்லாத, பின்னால் வரும் சம்பளத்தைப் பிடித்துவைப்பது சரியா என்று கேட்டால் சரியில்லை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நீங்கள் ஜெயிப்பதற்குள் வாடகை தேதி வந்துவிடும். அதனால் இன்றைக்கே அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, இந்த மாதச் சம்பளத்தை வேறு பேங்கில் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வேறு கணக்கு வைத்துக்கொள்வதிலோ சம்பளத்தை அங்கே வாங்குவதிலோ தப்பு ஒன்றுமில்லை, இந்த லீன் இந்த ஒரு கணக்கைத்தான் தொடும். பழைய கணக்கிலிருந்து தானாகப் போகும் இஎம்ஐ, இன்சூரன்ஸ் பிரீமியம், கொடுத்துவைத்த செக் ஏதாவது இருந்தால் அவற்றையும் உடனே பாருங்கள். பாஸ்புக்கில் இருப்பு தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது மைனஸ், எல்லாம் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் விழும்.

அடுத்து, கிளைக்குப் போய் வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள், அதையே மெயிலிலும் அனுப்புங்கள். கஸ்டமர் கேருக்கு போன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்கள் திரையில் லீன் தொகைக்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. கடிதத்தில் கேட்க வேண்டியவை: லீன் என்று போடப்பட்டது, எவ்வளவு தொகைக்கு, எந்த ஊர் எந்த காவல் நிலையம் அல்லது சைபர் பிரிவு, புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண் என்ன, எந்தப் பரிவர்த்தனையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யூடிஆர் எண், விசாரணை அதிகாரியின் அலுவலக மெயில். லீன் போடும்போதே காரணமும் குறிப்பும் பதிவாகும், அதனால் “எங்களுக்கே தெரியாது” என்ற பதிலை ஏற்காதீர்கள். கிளையில் தெரியாவிட்டாலும் அவர்களுடைய தலைமை அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கும், அங்கே கேட்டு வாங்கித்தர முடியும்.

யூடிஆர் எண் வந்ததும் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அந்த 50,000 வரவோடு ஒப்பிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பைக் என்று நீங்களே முடிவுகட்டியிருக்கிறீர்கள், தொகை ஒன்றாக இருப்பதால். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் குறிப்பிட்ட வரவு வேறொன்றாக இருந்து நீங்கள் பைக் பேப்பரை எல்லாம் அனுப்பினால் விசாரணை அதிகாரிக்கு உங்கள்மேல்தான் சந்தேகம் வரும்.

ஒத்துப்போனால் அந்த அதிகாரிக்கு மெயில் எழுதுங்கள். நீளமான கதை வேண்டாம். இந்த தேதியில், இந்த யூடிஆரில் வந்த 50,000, இந்தப் பதிவெண் கொண்ட வண்டியை விற்றதற்கான விலை. அனுப்பியவரை அதற்கு முன் தெரியாது. இதோடு ஆர்சி நகல், பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட படிவம் 29, 30, விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாங்கியவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், அந்த மாத ஸ்டேட்மென்ட், உங்கள் அடையாள அட்டை. உரையாடலில் எதையும் அழித்துவிட்டு அனுப்பாதீர்கள், பேரம் பேசியது, முகவரி அனுப்பியது எல்லாம்தான் உங்கள் சாட்சி. வாங்கியவர் பற்றி உங்களிடம் இருக்கும் தகவல் போலீஸுக்கும் தேவையானது, நீங்கள் உதவுகிறீர்கள் என்று தெரிந்தால் பதில் சீக்கிரம் வரும். கோரிக்கை இரண்டாக இருக்கட்டும்: லீனை எடுங்கள், விசாரணை முடியும்வரை எடுக்க முடியாது என்றால் இப்போது இருக்கும் 18,250க்கு மட்டும் குறையுங்கள். இரண்டாவதைக் கொடுப்பது அவர்களுக்கு எளிது. அது கிடைத்தால் கணக்கு மறுபடி நடமாடும்.

ஒரு எச்சரிக்கை, இதில் நிறையப் பேர் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். புகார் கொடுத்தவரே உங்களுக்கு போன் செய்து “என் பணத்தைத் திருப்பிப் போடுங்க, நான் புகாரை வாபஸ் வாங்கறேன்” என்பார். அவர் உண்மையாகவே பாதிக்கப்பட்டவராகவும் இருக்கலாம், வேறு யாரோவாகவும் இருக்கலாம். நேரடியாக அவருக்கு 50,000 அனுப்பினால் லீன் தானாக இறங்காது, பேங்குக்கு அந்தப் பரிவர்த்தனைக்கும் லீனுக்கும் சம்பந்தம் தெரியாது. பைக்கும் போய், 50,000மும் போய், 18,250மும் முடங்கியபடியே நிற்கும். அதேபோல லீன் எடுத்துத்தருவதாகக் கட்டணம் கேட்கும் எந்த ‘அதிகாரி’க்கும் காசு அனுப்பாதீர்கள். லீன் எடுக்க அரசுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. திருப்பிக் கொடுத்துத் தீர்க்க நீங்களே விரும்பினால் அதை விசாரணை அதிகாரி வழியாக, எழுத்தில், எந்தக் கணக்குக்கு என்று அவர் சொன்ன பிறகு செய்யுங்கள்.

போலீஸிடமிருந்து பதிலே வரவில்லை என்றால்? இங்கே சட்டம் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேங்க் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய ‘சொத்து’தான் என்று சுப்ரீம் கோர்ட் 1999லேயே சொல்லிவிட்டது. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு. அப்படிக் கைப்பற்றினால் உடனடியாக மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தெரிவித்தார்களா, எந்தக் கோர்ட்டுக்கு என்று உங்கள் மெயிலில் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் “தெரிவிக்கத் தாமதமாகிவிட்டது, அதனால் முடக்கமே செல்லாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாமதம் ஒன்றினாலேயே முடக்கம் செல்லாததாகிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 2024ல் சொல்லியிருக்கிறது. மாஜிஸ்ட்ரேட்டிடம் பணத்தை விடுவிக்கக் கேட்டு அதே சன்ஹிதாவின் 503ஆவது பிரிவில் மனு போடலாம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கோர்ட் பெரும்பாலும் வேறு மாநிலத்தில், புகார் பதிவான ஊரில் இருக்கும். 18,250க்காக அங்கே வக்கீல் வைத்துப் போவது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

ஹைகோர்ட்டுகள் இந்த விஷயத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் பக்கம் ஓரளவு சாய்ந்திருக்கின்றன. 2024ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை சுமார் இரண்டரை லட்சம், கணக்கில் இருந்தது 9 லட்சத்துக்கு மேல், ஆனால் கணக்கு முழுவதையும் முடக்கியிருந்தார்கள். தொகையைக் குறிப்பிடாமல் கணக்கையே முடக்குவதை ஏற்காத கோர்ட், இரண்டரை லட்சத்தை அப்படியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. கேரள உயர் நீதிமன்றமும் முடக்கம் சந்தேகத்துக்குரிய தொகையோடு நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்களுக்கு டெபிட் ஃப்ரீஸ் இல்லாமல் லீன் விழுந்தது சாதகம் என்று சொன்னேனே, அந்தத் தீர்ப்புகள் கேட்டது ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்துவிட்டது, தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. மறுபக்கம், வரம்புக்குள் இருக்கும் 50,000த்தை விடுவிக்க அதே தீர்ப்புகள் உங்களுக்கு உதவுமா என்றால் அவ்வளவாக உதவாது. அதற்கு நீங்கள் பைக் விற்றதை நிரூபிப்பதுதான் வழி. பின்னால் வரும் சம்பளத்தையும் சேர்த்துப் பிடிப்பது அந்தத் தீர்ப்புகளின் போக்குக்குப் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன், ஆனால் இது என் கருத்து, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். பேங்க் தன் கடனுக்காகத் தப்பாக லீன் போட்டிருந்தாலோ, கடன் தீர்ந்தும் எடுக்காமல் இருந்தாலோ, பேங்குக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் போகலாம், பலனும் இருக்கும். போலீஸ், கோர்ட் போன்றவர்கள் சொல்லிப் பேங்க் செய்ததைப் பற்றிய புகார் ஆம்பட்ஸ்மேன் திட்டத்தில் ஏற்கப்படாது, அதைத் தனியாகவே விலக்கி எழுதியிருக்கிறார்கள். ஆகவே லீனை எடுக்கச் சொல்லி அங்கே போவது வீண்.

கடைசியாக, லீன் எடுக்கும் நாள். விசாரணை அதிகாரி சரி என்று சொன்னால் அந்தக் கடிதத்தை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு கிளைக்கு ஓடாதீர்கள், பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், போலிக் கடிதங்கள் அவ்வளவு வருகின்றன. அவருடைய அலுவலக மெயிலிலிருந்தோ, லீன் வந்த அதே போர்ட்டல் வழியாகவோ பேங்குக்குப் போக வேண்டும், உங்களுக்கு ஒரு நகல் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டோம் என்று பேங்க் சொன்னதும் திரையைப் பாருங்கள், லீன் பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனைக்குப் போர்ட்டலில் ஒரு முறையும் காவல் நிலைய மெயிலில் இன்னொரு முறையும் கோரிக்கை வந்து இரண்டு லீன் விழுந்த கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். திரையில் மொத்தம்தான் தெரியும், ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிற்கும். உங்களுக்கு இப்போது 50,000 மட்டும் காட்டுவதால் ஒன்றுதான் இருக்கிறது. அது நாளைக்கு 1,00,000 என்று மாறினால் பதறாமல், இரண்டாவதற்கும் அக்னாலெட்ஜ்மென்ட் எண்ணைக் கேட்டு, யூடிஆர் அதேதானா என்று பாருங்கள். அதே யூடிஆர் என்றால் ஒரே வரவுக்கு இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று பேங்குக்கு எழுதிக்கொடுங்கள், அவர்கள் போலீஸிடம் உறுதி கேட்டு ஒன்றை எடுக்க வைக்க முடியும்.